ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டு இன்டர்வியூ

வங்கி அதிகாரி வேலைக்கான ஐ.பி.பி.எஸ். பி.ஓ. நேர்முகத்துக்கு அழைப்புக் கடிதம் கைக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை, சென்னை, காலை 9 மணிக்கு வந்து சேர வேண்டும். புதன்கிழமை மாலை 4.40-க்கு ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து மெயில் வந்தது. இரண்டாம் சுற்று, அதே வெள்ளிக்கிழமை, பகல் 11.30-க்கு, வீடியோ காலில்.

இரண்டையும் பார்த்துவிடலாம் என்றுதான் முதலில் கணக்குப் போட்டேன். ஒன்பதுக்குப் போனால் பத்தரைக்குள் முடிந்துவிடும், வெளியே வந்து ஏதாவது ஒரு காபிக் கடையில் லேப்டாப்பைத் திறந்தால் போதும் என்று. முந்தைய ஆண்டு அந்த நேர்முகத்துக்குப் போய் வந்த நண்பனிடம் சொன்னேன். சிரித்தான். "ஒன்பது மணிங்கிறது உன்னை வரச் சொன்ன நேரம்டா. கூப்பிடுற நேரம் இல்ல" என்றான். அசல் சான்றிதழ் சரிபார்ப்பு, கைரேகை, அப்புறம் வரிசை. போனை அணைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் உள்ளே போனபோது பகல் பன்னிரண்டரை. அப்படி மாட்டிக்கொண்டால், தாமதமாகும் என்று அந்த நிறுவனத்துக்கு ஒரு வரி அனுப்பக்கூட வழியில்லை.

ஆக, ஒன்றை நகர்த்தியே ஆக வேண்டும். எதை? இங்கே பலரும் தவறான கேள்வியைக் கேட்டுக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். எந்த வேலை எனக்குப் பிடிக்கும் என்று யோசிப்பார்கள். கேட்க வேண்டியது, எந்தத் தேதியை மாற்றும் அதிகாரம் ஒரு ஆளிடம் இருக்கிறது என்பது. ஐ.பி.பி.எஸ். அறிவிப்பிலேயே, நேர்முகத் தேதியையோ மையத்தையோ மாற்றக் கேட்கும் வேண்டுகோள் ஏற்கப்படாது என்று எழுதியிருக்கும். அங்கே கெஞ்சுவதற்கு எதிரில் ஆளே கிடையாது. போகாவிட்டால் அந்த ஆண்டுக் கதை முடிந்தது. இறுதித் தரவரிசையில் மெயின்ஸ் தேர்வுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்றுதான் எடை. ஆனால் அந்த இருபதைத் தவறவிட்டால் எண்பதும் சேர்ந்து போய்விடும்.

நிறுவனத்தில் அப்படியில்லை. ஒரு மேனேஜரின் ஒரு மணி நேரத்தை ஹெச்.ஆர். பிடித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அதிலும் ஒரு வித்தியாசம் பார்க்க வேண்டும். ஒரே நாளில் நாற்பது பேரை வரச் சொல்லி நடத்தும் டிரைவ் என்றால், அந்த நாளுக்கென்றே பேனலைக் கூட்டியிருப்பார்கள். உங்கள் ஒருவருக்காக மறுபடி கூட்டுவது கடினம். மெயிலில் இன்டர்வியூ எடுப்பவர் பெயரோடு, உங்களுக்கென்று தனி நேரம் போட்டு வந்திருந்தால் மாற்றிக் கேட்கலாம். எனக்கு வந்தது இந்த வகை.

மெயிலோடு வந்த காலண்டர் அழைப்பில் 'Decline' என்ற பட்டன் கண்ணெதிரே இருந்தது. அதைத் தொடவில்லை. காரணமில்லாமல் அதை அழுத்தினால், 'இவர் வர மறுத்துவிட்டார்' என்பது மட்டும்தான் எதிர்முனையில் தெரியும். பிஸியான மேனேஜர் அடுத்தவரின் ரெஸ்யூமேவைத் திறந்துவிடுவார். 'Accept' கொடுத்துவிட்டுப் பிறகு மாற்றுவதும் நல்லதல்ல. இரண்டையும் விட்டுவிட்டு, 5.10-க்கு மெயிலில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

"மேடம், வெள்ளிக்கிழமை செகண்ட் ரவுண்டு விஷயமா பேசறேன். கண்டிப்பா கலந்துக்கறேன். ஆனா அன்னிக்குக் காலையில மாத்த முடியாத ஒரு வேலை ஒரு வாரம் முன்னாடியே ஒத்துக்கிட்டது இருக்கு. வேற நேரம் கிடைக்குமா?"

மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன், மெயில் ஒன்று போட்டுவிடுங்கள் என்றார். அந்த மெயில் முக்கியம். ஹெச்.ஆர். அதை அப்படியே மேனேஜருக்குத் தள்ளிவிடுவார், அதனால் தனியாகப் படித்தாலும் புரிய வேண்டும். வந்த மெயிலுக்கே பதிலாக எழுதினேன், புதிதாக ஆரம்பிக்கவில்லை. ஆங்கிலத்தில் போனது, தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"இரண்டாம் சுற்றுக்கு அழைத்ததற்கு நன்றி. வெள்ளி காலை, முன்பே ஒப்புக்கொண்ட, மாற்ற இயலாத ஒரு நிகழ்வு இருப்பதால் 11.30-க்குக் கலந்துகொள்ள முடியவில்லை. வியாழன் மாலை 4-க்கு மேல், திங்கள் முழுநாள், செவ்வாய் முற்பகல், இவற்றில் எது வசதியானாலும் தயாராக இருக்கிறேன். சிரமத்துக்கு மன்னிக்கவும்."

காரணம் ஒரே வரி. இன்னொரு இன்டர்வியூ என்று நானாகச் சொல்லவில்லை, காய்ச்சல் என்று பொய்யும் சொல்லவில்லை. காய்ச்சல் என்றால் அடுத்த முறை முதல் கேள்வியே "இப்ப உடம்பு பரவாயில்லையா?" என்றுதான் வரும். அங்கேயே முகம் மாறிவிடும்.

மறுநாள் பகல் வரை பதில் இல்லை. இது கொஞ்சம் ஆபத்தான இடம். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மறு தேதி எழுத்தில் வரும்வரை பழைய நேரம் உயிரோடுதான் இருக்கிறது. ஹெச்.ஆர். மறந்துபோயிருந்தால் வெள்ளி 11.30-க்கு மேனேஜர் மட்டும் வீடியோ காலில் உட்கார்ந்திருப்பார், உங்கள் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று விழும். பன்னிரண்டு மணிக்கு ஒரு சின்ன மெசேஜ் அனுப்பினேன். இரண்டரைக்குப் பதில் வந்தது: "இன்று மாலை 5 மணி."

இங்கேதான் நான் சறுக்கினேன். ஆர்வமாக இருப்பது தெரியட்டுமே என்றுதான் வியாழனையும் பட்டியலில் போட்டிருந்தேன். உள்ளுக்குள் நான் எதிர்பார்த்தது திங்கள். முன்கூட்டிய நாள் ஒன்றைக் கொடுப்பது நல்ல உத்திதான், தள்ளிப்போடுகிறான் என்ற நினைப்பு அவர்களுக்கு வராது. ஆனால் கொடுத்தால் அதையே எடுத்துக்கொள்வார்கள் என்ற கணக்கில்தான் கொடுக்க வேண்டும். ஐந்துக்கு ஆரம்பித்தது ஆறேமுக்காலுக்கு முடிந்தது. டேட்டாபேஸ் கேள்வி ஒன்றில், தெரிந்த பதிலையே திக்கித் திக்கிச் சொன்னேன். எழுந்த பிறகுதான், வங்கி நேர்முகத்துக்குச் சான்றிதழ் நகல்கள் எடுக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. தாம்பரத்தில் இரண்டு ஜெராக்ஸ் கடை மூடியிருந்தது. மூன்றாவது கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருந்தவர், "எத்தனை செட்டு?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஏற்றினார். ராத்திரி பதினொரு மணிக்கு ஒவ்வொரு நகலிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மாலை இன்டர்வியூ முடியும்போது மேனேஜர் கேட்டார், நாளைக்கு அப்படி என்ன வேலை என்று. வங்கி நேர்முகம் என்று சொல்லிவிட்டேன். நேராகக் கேட்டால் மறைக்கக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். "அது கெடைச்சா போயிடுவீங்களா?" என்றார். முடிவு வர நாளாகும், இரண்டும் கையில் இருந்தால் யோசிப்பேன், சேர்வதாகச் சொன்ன பிறகு ஏமாற்ற மாட்டேன் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் கடைசிச் சுற்றுக்கு அழைப்பு வந்தது. அதில் குறித்திருந்த நேரம் எனக்கு அவ்வளவு வசதியில்லைதான், ஆனால் இந்த முறை வாயைத் திறக்கவில்லை. ஒரே இடத்தில் இரண்டாவது தடவை தேதி மாற்றிக் கேட்டால் யாரும் காரணத்தைப் படிக்க மாட்டார்கள்.

இரண்டுமே அரசு நேர்முகமாக அமைந்துவிட்டால் இந்த வழி பெரும்பாலும் உதவாது. ஒன்று முற்பகல், ஒன்று பிற்பகல், அதுவும் ஒரே ஊர் என்றால் முயன்று பார்க்கலாம். எழுத்தில் வேண்டுகோள் அனுப்பிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. பதில் வராவிட்டால் ஒன்றை விட்டுவிட வேண்டியதுதான், அதை முந்தின நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் வெள்ளிக்கிழமை உள்ளே போனது பகல் ஒன்று பத்துக்கு.