நம்ம வீடுதான், வாங்க

"இங்கிலீஷ்ல எத்தனையோ ஓட்டல்ல இதே வரிதான் இருக்கு. அங்கெல்லாம் யாரும் இப்படிக் கேக்கறதில்லையே. தமிழ்ல போட்டதும் ஏன் சார் கேக்கறாங்க?"

ஒரு ஓட்டலின் ஆங்கில விளம்பர வரியை நான் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அந்த வரியோடு பெயர்ப்பலகை மாட்டி இரண்டு மாதம் கழித்து ஓட்டல் முதலாளி இப்படிக் கேட்டார். அன்றைக்குச் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. இன்றைக்கும் முழுப் பதில் கிடைத்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

கோயில் ஊர், நாற்பது அறை. ஆங்கில வரி ஏற்கெனவே இருந்தது: 'யுவர் ஹோம் அவே ஃப்ரம் ஹோம்'. எனக்கு முன்பு யாரோ ஒருவர் கொடுத்த தமிழ் அறைச் சாவி அட்டைகளில் அச்சாகியிருந்தது: 'வீட்டை விட்டு வெளியே உங்கள் வீடு'. சொல்லுக்குச் சொல் பிழையே இல்லை. ஆனால் 'வீட்டை விட்டு வெளியே' என்பதைத் தமிழ்க் காது தனியாகக் கேட்காது, 'போ' என்ற சொல்லையும் சேர்த்தே கேட்கும். சண்டை, கோபம், ஓடிப்போன பிள்ளை எல்லாம் அந்த மூன்று சொல்லுக்குள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'அவே' வெறும் தூரத்தைச் சொல்கிறது. இங்கே அது பிரிவாகிவிட்டது.

இந்த வேலையில் முதலில் மொழிபெயர்க்கக் கூடாது. வரி என்ன செய்கிறது என்பதை ஒரு பத்தியாக, அழகு பார்க்காமல் எழுதிக்கொள்ள வேண்டும். யார் பேசுகிறார்கள், யாரிடம், அந்த நேரத்தில் கேட்பவர் எந்த நிலையில் இருக்கிறார், என்ன வாக்குக் கொடுக்கப்படுகிறது என்ற நாலு கேள்வி. இங்கே வந்த விடை: நவக்கிரகக் கோயில்களைச் சுற்றிவிட்டு இரவு பத்து மணிக்கு வேனிலிருந்து இறங்கும் குடும்பம். கையில் தூங்கும் குழந்தை, முழங்கால் வலியோடு பாட்டி. இடம் எப்படி இருக்குமோ என்ற தயக்கம். அந்தத் தயக்கத்தை நீக்குவதுதான் வரியின் வேலை. அதில் 'வீடு' என்ற சொல் கட்டாயம் வர வேண்டும் என்று கூட இல்லை.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் மோட்டல் 6 விடுதிகளின் விளம்பர வரி. 1986-ல் வானொலி விளம்பரத்துக்குக் குரல் கொடுத்த டாம் போடெட், எழுதிக் கொடுத்த வசனம் முடிந்து சில நொடி மிச்சம் இருந்தபோது தானாகச் சேர்த்த வரி அது. உங்களுக்காக விளக்கை அணைக்காமல் வைத்திருப்போம் என்பது பொருள். வீடு என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் இரவு தாமதமாக வரும் பிள்ளைக்காக வாசல் விளக்கை எரியவிட்டுத் தூங்கப் போகும் அம்மா அதற்குள் இருக்கிறாள். அதை அப்படியே தமிழில் வைத்தால், 'உங்களுக்காக விளக்கு எரிந்துகொண்டிருக்கும்' என்றால், இறந்தவர் தலைமாட்டில் வைக்கும் விளக்கு சிலருக்காவது நினைவுக்கு வரும். நம் ஊர் அம்மா தாமதமாக வரும் பிள்ளைக்கு என்ன செய்வாள்? சோற்றை எடுத்து மூடி வைத்திருப்பாள். அந்த விளக்குக்கு ஈடு தமிழில் மூடி வைத்த தட்டுதான். அகராதியில் இது கிடைக்காது.

இனி நம் வரிக்கு வருகிறேன். 'இன்னொரு வீடு', 'இரண்டாவது வீடு' இரண்டையும் எடுத்த எடுப்பிலேயே அடித்துவிட வேண்டும். மனைவிக்குத் தெரியாத 'சின்ன வீடு' பக்கத்திலேயே நிற்கிறது, அதுவும் தங்கும் விடுதியின் பலகையில். குடும்பத்தோடு வருபவர் படியேற யோசிப்பார். 'இல்லம்' மரியாதையாகத் தெரியும். ஆனால் முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், நினைவு இல்லம் என்று நிறுவனங்களின் பெயரில் ஒட்டியே அது இன்று அதிகம் புழங்குகிறது. பாட்டியை அழைத்து வருகிற குடும்பத்துக்கு அதைக் காட்ட வேண்டாம். கோயில் ஊரில் 'வீடு' என்பதற்கும் ஒரு காவல் தேவை. 'வீடு அடைய' என்று எழுதினால் அறம், பொருள், இன்பத்துக்கு அடுத்த வீடு வந்துவிடும்.

குறளும் நினைவுக்கு வந்தது. 'செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்' என்பதை விட அழகான விடுதி வாசகம் எந்த மொழியில் இருக்கிறது? போகிறவரை உபசரித்து அனுப்பிவிட்டு, வருகிறவருக்காக வழி பார்த்து நிற்பவன். 'வருவிருந்து பார்த்திருப்போம்' என்று ஒரு வரைவும் எழுதினேன். இரண்டு காரணத்தால் விட்டேன். விருந்து என்றால் புதுமை, புதிதாய் வந்தவர் என்பது பழைய பொருள். இன்றைக்கு அது இலை போட்ட சாப்பாடு. இந்த ஓட்டலிலோ காலைச் சிற்றுண்டி மட்டும்தான். இன்னொன்று, குறளைத் தெரிந்தவர் மனம் அடுத்த அடிக்கும் போகும். 'நல்விருந்து வானத் தவர்க்கு'. அப்படி வாழ்ந்தவன் இறந்தபின் வானவர்க்கு விருந்தினன் ஆவான் என்பது அதன் பொருள். தங்க வருகிறவரை வரவேற்கும் பலகையில் அந்த நிழல் விழ வேண்டாம் என்று தோன்றியது.

கடைசியில் நின்றது 'நம்ம வீடுதான், வாங்க'.

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் 'யுவர்' என்பது உரிமையைத் தூக்கிக் கையில் கொடுக்கிறது. தமிழில் 'உங்கள் வீடு' என்றால் அது கொடுப்பது போல இருந்தாலும் பேசுகிறவர் விலகி நிற்கிறார். 'எங்கள் வீடு' என்றால் வந்தவர் வெளியே நிற்கிறார். இரண்டு பேரும் உள்ளே இருக்கிற 'நாம்' நம்மிடம் இருக்கிறது, ஆங்கிலத்தில் இல்லை. மூலத்தில் இல்லாத ஒன்றை மொழி இலவசமாகத் தரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். 'நம்' என்றால் பாடப்புத்தகம், 'நம்ம' என்றால் வாசற்படி. கடைசியில் ஒட்டிய 'தான்' தயக்கத்துக்குப் பதில் சொல்கிறது. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நிற்பவரிடம் நாம் சொல்வது இதுதானே.

முதலாளிக்கு அனுப்பும்போது மூன்று பத்தியாகப் பிரித்த ஒரு தாள் அனுப்புவேன். முதல் பத்தியில் தமிழ் வரி, இரண்டாவதில் சொல்லுக்குச் சொல் பொருள், மூன்றாவதில் படிப்பவர் காதில் என்ன விழும் என்பது. இந்த மூன்றாவது இல்லாவிட்டால் 'அவே எங்கே போச்சு?' என்றுதான் கேள்வி வரும். பிறகு ஐந்து பேரிடம் வரியைக் காட்டச் சொல்வேன். 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றே சொல்வார்கள். 'இந்தப் பலகை மாட்டின இடம் எப்படி இருக்கும், உள்ளே யார் இருப்பாங்க?' என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டதில்தான் நான் பார்க்கத் தவறியது வந்தது. ஆட்டோ ஓட்டும் ஒருவர் பலகையின் மாதிரிப் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்மன்னா யாரு சார்? எந்த ஆளுங்க ஓட்டல்?" என்றார். வரிக்கு நேர் மேலே முதலாளி குடும்பப் பெயர் பெரிதாக இருந்தது. 'நம்ம ஆளு' என்பது நம் ஊர்களில் சாதியைச் சொல்லாமல் சொல்லும் சொல். எல்லோரையும் உள்ளே அழைக்க எடுத்த அதே சொல், அந்தப் பெயருக்குக் கீழே வந்ததும் பாதிப் பேரை வெளியே நிறுத்தியது. வரியை மாற்றவில்லை. குடும்பப் பெயரைப் பலகையின் அடியில் உரிமையாளர் விவரத்தோடு சிறியதாகப் போடச் சொன்னேன். வேறு மூன்று பேரிடம் காட்டியதில் அந்தக் கேள்வி வரவில்லை. ஒரு வாசகத்தின் பொருளில் பாதி அதன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் இருக்கிறது. வரியை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பிச் சோதித்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

பலகை ஏறியது. அப்புறம்தான் முதலாளியின் அந்தக் கேள்வி.

ரிசப்ஷனில் நடந்தது இது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர் அறையில் ஐந்து பேர் படுத்துக்கொள்ளக் கேட்டார்கள். கூடுதல் படுக்கைக்குக் கட்டணம் என்றதும், பலகையைக் காட்டி, "நம்ம வீடுதான்னு எழுதியிருக்கீங்க, பாய்க்குப் போய்க் காசா?" என்றார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொன்னபோது ஒரு பெரியவர், "வீட்ல இருந்து இப்படிக் கிளம்பச் சொல்வாங்களா தம்பி?" என்று கேட்டாராம். சண்டையாகக் கேட்கவில்லை, வருத்தமாகக் கேட்டார் என்று ரிசப்ஷன் தம்பி சொன்னான். அந்த வருத்தம்தான் என்னை உறுத்துகிறது.

முதலாளிக்கு அன்று நான் சொன்னது: ஆங்கில வரி தேய்ந்த நாணயம். ஆயிரம் விடுதிகள் புழங்கிப் புழங்கி அதில் உருவம் அழிந்துவிட்டது, யாரும் அதை வாக்குறுதியாகப் படிப்பதில்லை. தமிழில் நாம் புதிதாக அச்சடித்துவிட்டோம், அதனால் மதிப்பைக் கேட்கிறார்கள். சொன்னது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அப்படியானால் தேய்ந்த நாணயத்துக்குத் தேய்ந்த நாணயத்தைக் கொடுப்பதல்லவா நேர்மையான மொழிபெயர்ப்பு? 'நல்வரவு' என்று போட்டிருந்தால் எடை சரியாக இருந்திருக்கும். யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள். மூலத்தின் பொருளையும் இனிமையையும் காப்பாற்றுகிறேன் என்று, மூலத்தில் எப்போதோ செத்துப்போன ஒரு வாக்கை நான் உயிர்ப்பித்துவிட்டேன். அதை நிறைவேற்ற வேண்டியவன் நான் இல்லை, இரவுப் பணியில் நிற்கிற அந்தத் தம்பி.

ஆனாலும் 'நல்வரவு' எழுதியிருக்க என் கை வந்திருக்காது. கவனிக்கப்படாத வரிக்கு ஏன் கூலி?

அதற்குப் பிறகு அந்தத் தாளில் நாலாவது பத்தி ஒன்றைச் சேர்த்துவிட்டேன். 'இந்த வரியை நம்பி வருகிறவர் கவுன்ட்டரில் என்ன கேட்பார்?' அதை முதலாளியிடம் கேட்டு நிரப்புவதில்லை, முன்னறையில் நிற்பவரிடம் கேட்டு நிரப்புகிறேன். அந்த ஓட்டலுக்கு அப்போதே இதைச் செய்திருந்தால் 'நம்ம' போயிருக்கும் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், வரியை விட்டுவிட்டு நேரக் கெடுவை இரண்டு மணி தள்ளச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அது மொழிபெயர்ப்பாளன் சொல்லக்கூடியதுதானா என்று தெரியவில்லை.

பலகையை அவர்கள் இறக்கவில்லை. காலி செய்து போகிறவர்களிடம் சாவியை வாங்கிக்கொண்டு அந்தத் தம்பி "போயிட்டு வாங்க" என்கிறான். அதை அவனுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. திரும்பி வரச் சொல்வதும் வழியனுப்புவதும் அதிலேயே இருக்கிறது. பாய் பற்றி எதுவும் இல்லை. என் வரைவுப் பட்டியல் பதினொன்றிலும் அது இல்லை.