ஒன்பது வரி எழுத ஏழு வாரம்

பினாங்கில் லெபோ பந்தாய் அருகே நாங்கள் மூன்று வழக்கறிஞர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய அலுவலகத்துக்கு, வழக்கறிஞர்களை மதிப்பிட்டுப் பட்டியலிடும் வெளிநாட்டுக் கையேடு ஒன்றிலிருந்து படிவம் வந்தபோது, இரண்டு மாலைகளில் நிரப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பெயர், பதிவான ஆண்டு, பேசும் மொழிகள், அலுவலக முகவரி எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தன. ‘குறிப்பிடத்தக்க வழக்குகள்’ என்ற பகுதியில் ஒன்பது வரி எழுதி முடிக்க ஏழு வாரம் ஆயிற்று. அதற்குள் பழைய கட்சிக்காரர் ஒருவரின் கோபம், கோலாலம்பூருக்கு ஒரு வீண் பயணம், தூக்கமில்லாத சில இரவுகள்.

தொடங்குமுன் இரண்டை மேசையில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்று, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தொழில் சட்டத்தின் கீழ் 2001இல் வந்த விளம்பர விதிகள். மற்றொன்று, 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. கட்சிக்காரர் நம்மிடம் தொழில் நிமித்தம் சொன்னதையும், நாம் அவருக்குச் சொன்ன ஆலோசனையையும், அவர் காட்டிய ஆவணத்தில் இருந்ததையும் அவருடைய வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை முடிவதில்லை என்பதை அதன் விளக்கமே தெளிவாக்கிவிடுகிறது. கட்சிக்காரர் யார் என்பது பொதுவாக அந்தப் பிரிவுக்குள் வராது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் தொழில் நெறியின் இரகசியக் கடமை அந்தப் பிரிவைவிட அகலமானது. என்னுடைய சிக்கல்கள் எல்லாம் அந்த அகலத்தில்தான் இருந்தன.

முதல் தடுக்கல், எங்கள் இளம் வழக்கறிஞர் எழுதிய தமிழ்ப் பக்கம். ஆங்கிலத்தில் அடக்கமாக எழுதத் தெரிந்த அதே பையன், எங்கள் இணையப் பக்கத்துக்காகத் தமிழில் எழுதும்போது என்னைச் ‘சொத்துரிமை வழக்குகளில் தலைசிறந்த நிபுணர், தோல்வியே காணாதவர்’ என்று ஆக்கிவிட்டார். நம் மேடைகளில் தலைமையுரைக்கு அழைக்கும் பாணி அப்படியே கைக்கு வந்திருந்தது. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வழக்கறிஞர் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வதும், மற்றவரைவிட மேலானவர் என்று காட்டிக்கொள்வதும் நம் தொழிலில் ஆகாதவை. ‘தோல்வியே காணாதவர்’ என்பது அதற்கும் ஒரு படி மேல். பாதி வழக்குகள் சமரசத்தில் முடிகின்றன, சில திரும்பப் பெறப்படுகின்றன. அவற்றை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ‘உயில் நிரூபணம், வாரிசுரிமை, குடும்ப நிறுவனங்களின் பங்குத் தகராறு, வேலை நீக்கம் ஆகிய விவகாரங்களில் பணியாற்றுகிறார்’ என்று மாற்றினேன். ‘ரொம்ப வறட்சியா இருக்கு மேடம்’ என்றார். வறட்சியாகவே இருக்கட்டும் என்றேன்.

படிவத்தில் வழக்குகளுக்கு இரண்டு பட்டியல்கள் இருந்தன: வெளியிடத்தக்கவை, இரகசியமானவை. இரண்டாவது பட்டியலில் எழுதுவது அச்சில் வராது; மதிப்பிடுவோர் மட்டுமே படிப்பார்கள். ஒப்புதல் கிடைக்காத வழக்குகளை அங்கே தள்ளிவிட்டால் போதும் என்று எனக்குத் தெரிந்த பலர் நம்புகிறார்கள். முதல் வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அச்சிடாமல் விடுவது அவர்கள் எனக்குத் தரும் உறுதி. கட்சிக்காரரைப் பற்றி ஒரு மூன்றாம் தரப்புக்கு எழுதி அனுப்புவது நான் செய்யும் வெளிப்படுத்தல். அந்தப் பட்டியலுக்கும் ஒப்புதல் வேண்டும். நம்மைப் பற்றி விசாரிக்கக் கட்சிக்காரர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்கும் பக்கமும் அப்படியே. அதில் ஒருவரின் பெயரை எழுதுவதே, அவர் வழக்கறிஞரை நாடினார் என்ற செய்தியை வெளியே சொல்வதாகிவிடுகிறது. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது.

இனி, என்னைத் தூங்கவிடாமல் செய்த வழக்கு. பின்வரும் விவரங்களில் பலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன். துணிக்கடை என்பதும் உண்மையன்று. இந்தக் கட்டுரையே அந்தத் தவற்றைச் செய்துவிடக் கூடாதல்லவா?

நான் முதலில் எழுதிய வரி இது: ‘ஜோர்ஜ்டவுன் மரபுரிமைப் பகுதியில் மூன்று தலைமுறையாக இயங்கும் துணிக்கடையின் நிறுவனர் மறைந்தபின், அவருடைய நான்கு பிள்ளைகளுக்கிடையே எழுந்த உயில் தகராறில் மூத்த மகனுக்காக உயர் நீதிமன்றத்தில் முன்னிலையாகி, ஏழு இலக்கத் தொகைக்குச் சமரசம் எட்ட உதவினோம்.’ பெயர் எதுவும் இல்லை என்ற நிம்மதியுடன் எங்கள் குமாஸ்தாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைக்கூடச் சரி செய்யாமல், ‘இது அவங்க குடும்பம்தானே?’ என்று பெயரைச் சொல்லிவிட்டார். பினாங்கில் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கடை, ஒரு தெரு, பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் போதும். அடையாள அட்டை வேண்டாம். ஒவ்வொரு விவரமும் தனியாக யாரையும் காட்டிக் கொடுக்காது, சேர்ந்து நின்றால் முகம் தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய தவறு கடைசிச் சொற்களில் இருந்தது. கோப்பைத் திறந்து சமரச ஒப்பந்தத்தைப் படித்தபோது, அதன் விதிமுறைகளையும் தொகையையும் எந்தத் தரப்பும் வெளியிடக் கூடாது என்ற பிரிவு எட்டாம் பக்கத்தில் இருந்தது. அதை வரைந்தவளே நான்தான். அந்தப் பிரிவு கட்சிக்காரரைக் கட்டுப்படுத்துகிறது. அவருடைய வழக்கறிஞர் தொகையை எழுதினால், ஒப்பந்தத்தை மீறியதாக எதிர்த்தரப்பு அவர்மேல் பாயும். ‘ஏழு இலக்கம்’ என்று வட்டமாகச் சொல்வதும் தொகையைச் சொல்வதுதான். சமரசத்தில் முடிந்த எந்த வழக்கையும் தொடுமுன் ஒப்பந்தத்தை மீண்டும் எடுத்துப் படியுங்கள், நினைவை நம்பாதீர்கள்.

இதற்குள் ஒரு விபத்தும் நடந்துவிட்டது. ஒப்புதல் கேட்கும் கடிதத்தோடு அந்த முதல் வரைவையே இளம் வழக்கறிஞர் மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியிருந்தார். மறுநாள் காலை என் கட்சிக்காரரான அந்தப் பெரியவர் அழைத்தார். ‘லாயரம்மா, எங்க வீட்டுச் சண்டையை நீங்க புத்தகத்துல போடப் போறீங்களா? தங்கச்சி இப்பதான் எங்கிட்டப் பேச ஆரம்பிச்சிருக்கா.’ நான் மன்னிப்புக் கேட்டேன். நியாயம் அவர் பக்கம் இருந்தது. வெளியிடவில்லை, கேட்டோம், அவ்வளவுதான் என்று சட்டம் பேசியிருக்கலாம். ஆனால் கேட்கும் விதத்திலேயே ஒருவரைப் புண்படுத்த முடியும் என்பதை அன்று கண்டேன்.

அதன்பிறகு கடிதத்தை மாற்றினேன். அச்சேறவிருக்கும் வாசகத்தைச் சொல் மாறாமல் அதிலேயே எழுதினேன்; ‘உங்கள் வழக்கைக் குறிப்பிட அனுமதி வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டு வாங்கும் ஒப்புதலால் பயனில்லை, ஏனெனில் ஒரு வரிக்குத் தந்த ஒப்புதல் முழுக் கதைக்கும் ஆகாது. எங்கே வரும், யார் படிப்பார்கள், அச்சுக்குப் போகும் நாள்வரை மனம் மாறலாம், மறுத்தால் எங்கள் வேலையில் எதுவும் மாறாது என்பவற்றையும் சேர்த்தேன். கூட்டாக வந்த கட்சிக்காரர்கள் என்றால் ஒவ்வொருவரின் கையொப்பமும் வேண்டும். இரு சகோதரிகள் உயிலின் நிறைவேற்றுநர்களாக இருந்த மற்றொரு வழக்கில் அக்கா உடனே கையெழுத்திட்டார், தங்கை மறுத்தார். அந்த வரி போயிற்று.

கோலாலம்பூர்ப் பயணம் வேறு கதை. தொழிலியல் நீதிமன்றத்தில் ஒரு நிறுவனத்துக்காக நடத்திய வேலை நீக்க வழக்கு. தீர்ப்பு வெளியானது, அதில் என் பெயரும் இருக்கிறது. மனிதவள மேலாளர் மகிழ்ச்சியுடன் ஒப்புதலில் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். மூலப் பிரதியைக் கையோடு வாங்கிவிடலாம் என்று பட்டர்வொர்த்திலிருந்து இரயில் ஏறிப் போனேன். வரவேற்பில் நாற்பது நிமிடம் காத்திருந்தபின், இதற்கெல்லாம் மேலாளருக்கு அதிகாரம் இல்லை, இயக்குநர் ஒருவர் நிறுவனத்தின் கடிதத்தாளில் தர வேண்டும், அவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். முதல் தொலைபேசி அழைப்பிலேயே யாருக்கு அதிகாரம் என்று கேட்டிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும். இரண்டு வாரம் கழித்து மின்னஞ்சலில் பதில் வந்தது: வேண்டாம்.

இங்கே நான் தடுமாறியதை மறைக்கவில்லை. தீர்ப்பு எவரும் படிக்கக்கூடியது. அதில் உள்ளதை மட்டும் எழுதினால் என்ன? எழுதலாம் என்று வாதிட முடியும். ஆனால் தீர்ப்பில் உள்ளவற்றை மட்டும் எழுத உட்கார்ந்தால், அதில் இல்லாத ஒன்று, அவர்கள் ஏன் முன்கூட்டியே சமரசம் செய்யவில்லை என்ற காரணம், என் பேனாவில் தானாக வந்து நின்றது. எனக்குத் தெரிந்ததும் தீர்ப்பில் இருப்பதும் என் மனத்தில் கலந்துவிட்டன. தவிர, வேண்டாம் என்று எழுத்தில் சொன்ன கட்சிக்காரரை மீறுவதற்கு எனக்கு மனமில்லை. விட்டுவிட்டேன்.

துணிக்கடை வரியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். தெரு போயிற்று, கடை போயிற்று, பிள்ளைகளின் எண்ணிக்கை போயிற்று, எந்தத் தரப்பு என்பதும் சமரசமும் தொகையும் போயின. மிஞ்சியது: ‘குடும்பச் சொத்தும் நிறுவனப் பங்குகளும் ஒருங்கே அடங்கிய உயில் தகராறில் ஒரு தரப்புக்காக முன்னிலையானார்.’ என்ன வகை வேலை என்று வழக்கறிஞருக்கு விளங்குகிறது, யாருடையது என்று ஊருக்கு விளங்கவில்லை. புதிய கடிதத்தோடு நானே பெரியவரின் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறை படித்துவிட்டு, தங்கையிடமும் காட்டிவிட்டுத் தருகிறேன் என்றார். அவர் கட்சிக்காரர் அல்லர், தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். நான்கு நாளில் கையெழுத்து வந்தது.

கடைசியில் கையேட்டின் ஆய்வாளர் தொலைபேசியில் அழைத்து, ‘அந்த உயில் வழக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்’ என்றார். நட்பாகப் பேசும் குரல். ஒப்புதல் கடிதத்தை எதிரில் வைத்திருந்திராவிட்டால் உளறியிருப்பேன். எழுதியதற்கு மேல் சொல்வதற்கில்லை என்று மூன்று முறை சொன்னேன்.

ஒன்பது வரிகளும் அச்சான பக்கத்தைக் குமாஸ்தாவிடம் காட்டினேன். இந்த முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் படித்தார். உயில் வரியில் விரலை வைத்து, ஒரு குடும்பத்தின் பெயரைச் சொன்னார். அது நாங்கள் ஒருபோதும் முன்னிலையாகாத குடும்பம்.