ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை?

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் எந்தச் செலவையும் ஊர்க் காசில் பெருக்கிப் பார்ப்போம். வீடு சுத்தம் செய்ய ஒருவர் மூன்று மணி நேரத்துக்குக் கேட்கும் தொகையை அப்படிப் பெருக்கினால், ஊரில் ஒரு மாதத்துக்கு ஆள் வைக்கலாம் என்று மனம் சொல்லும். அதோடு பேச்சு முடிந்துவிடும், எல்லா வேலையும் நம் தலையில் விழும். ஓராண்டு போனதும் இதற்கு நேர்மாறான கணக்கு வரும். "மணிக்கு இவ்வளவு சம்பாதிக்கிறோம், இதையெல்லாம் நாமே ஏன் செய்யணும்?" என்று நண்பர் யாராவது கேட்பார். என் அனுபவத்தில் இரண்டு கணக்குமே நம்மைத் தவறான இடத்துக்குத்தான் கொண்டுபோகின்றன. ஊர்க் காசில் பெருக்குவது தவறு என்று சீக்கிரம் புரிந்துவிடும், ஏனென்றால் சம்பளமும் செலவும் இங்கேதான். இரண்டாவது கணக்கில் உள்ள ஓட்டை அவ்வளவு எளிதில் தெரியாது.

நாட்டுக்கு நாடு காசு மாறும். அதனால் ஒரு மணி நேரச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். வீடு சுத்தம் செய்ய வருபவர் மணிக்கு 60 கேட்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் மணிக்கு 40 லாபம். ஆனால் அந்த 100 நம் கைக்கு வருவதில்லை. கூடுதலாக உழைக்கும் பணத்துக்கு வரியும் பிடித்தமும் சம்பளத்தின் மேல்தட்டு விகிதத்தில்தான் விழும். அது 35 சதவீதம் என்றால் மிஞ்சுவது 65. சுத்தம் செய்பவருக்குக் கொடுக்கும் 60 இந்த 65-இலிருந்துதான் போகிறது. நம் வீட்டை நாமே துடைத்தால் அந்த உழைப்புக்கு யாரும் வரி கேட்பதில்லை.

என் கணவருக்கு மணிக்கணக்குச் சம்பளம், ஷிஃப்ட் வேலை. எங்கள் வீட்டுக் கணக்கை அவரை வைத்தே போட்டுப் பார்த்தோம். கூடுதலாக நான்கு மணி நேர ஷிஃப்ட் ஒன்று எடுத்தால் கைக்கு 260 வரும். போக வர பயணச் செலவு 20 போனால் 240. ஆனால் நான்கு மணி நேர வேலைக்கு, பயணத்தையும் சேர்த்து, ஐந்து மணி நேரம் அவர் வீட்டில் இல்லை. ஆக ஒரு மணி நேரத்துக்கு உண்மையில் கிடைப்பது 48. நூறு என்று தொடங்கியது பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

அடுத்து மறுபக்கம். முழு வீட்டையும் நாங்களே சுத்தம் செய்ய நான்கு மணி நேரம் ஆகிறது. இந்த எண்ணை நினைவிலிருந்து எடுக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாளி எடுப்பதிலிருந்து துணியை அலசிக் காயப்போடும் வரை எல்லாம் அதில் சேர வேண்டும். கேட்டால் பலரும் இரண்டு மணி நேரம் என்பார்கள். வேலை தெரிந்தவர் இதை மூன்று மணி நேரத்தில் முடிப்பார், அவருக்குக் கொடுப்பது 180. அவர் வருவதற்கு முன் சிதறிக் கிடப்பதை ஒதுக்கிவைத்து, எது வேண்டும் என்று சொல்லி, முடிந்ததும் பார்ப்பதற்கு நமக்கு அரை மணி போகும். ஆகவே மிச்சமாவது மூன்றரை மணி நேரம்தான். மிச்சமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை ஏறக்குறைய 51.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விஷயம் தெளிவாகும். ஆள் வைக்கும் செலவுக்காக அவர் அந்த ஷிஃப்டை எடுத்தால் 240 வந்து 180 போகும், கையில் 60 நிற்கும். அதற்காக ஐந்து மணி நேரம் கொடுத்து மூன்றரை மணி நேரம் வாங்கியிருக்கிறோம். வீட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒன்றரை மணி குறைந்துவிட்டது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அந்த நேரத்தில் ஆள் தேவைப்பட்டால் அந்த 60-உம் நிற்காது. நேரம் வேண்டும் என்று தொடங்கி நேரத்தையே இழப்பது இப்படித்தான்.

என் நிலைமை வேறு. எனக்கு மாதச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை நான் தரை துடைத்தாலும் சும்மா இருந்தாலும் மாதக் கடைசியில் அதே தொகைதான் வரும். வாரத்துக்கு இவ்வளவு மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்று விசாவில் வரம்பு உள்ள மாணவர்களுக்கும் இதே நிலைதான், அதற்கு மேல் ஒரு மணி நேரத்தைக்கூட அவர்களால் விற்க முடியாது. எங்களைப் போன்றவர்கள் சம்பளத்தை மணிக்கணக்கில் பிரித்து அதை நேரத்தின் விலை என்று சொல்வதில் அர்த்தமில்லை. விற்க முடியாது என்பதால் அந்த நேரத்துக்கு மதிப்பே இல்லை என்பதும் சரியில்லை.

இதற்கு எனக்கு உதவிய கேள்வி ஒன்று உண்டு. கைக்கு 51 தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வேலைக்கு வருகிறாயா என்று கேட்டால் என்ன சொல்வேன்? யோசிக்காமல் மாட்டேன் என்பேன். அப்படியானால் அந்த ஒரு மணி நேரம் எனக்கு 51-ஐ விடப் பெரியது. கையில் பணமும் இருந்தால், அதைத் திரும்ப வாங்க 51 கொடுப்பதை வீண் செலவு என்று சொல்ல எனக்கு நியாயமில்லை. வந்த முதல் மாதங்களில் யாராவது இதைக் கேட்டிருந்தால் உடனே வருகிறேன் என்றிருப்பேன். அப்போது வேலையில்லை, நேரம் நிறைய இருந்தது, பணம் இல்லை. எல்லாவற்றையும் நாங்களே செய்தது அன்றைக்குச் சரியான முடிவு.

ஆனால் வீட்டு வேலை எல்லாம் ஒரே எடை இல்லை. துணி மடித்துக்கொண்டே அம்மாவோடு போனில் பேசுகிறேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு எங்கேயும் தொலைந்து போகவில்லை, அதை இன்னொருவரிடம் காசு கொடுத்துக் கொடுக்க மாட்டேன். குளியலறை ஓடுகளில் படிந்த உப்புக்கறையைத் தேய்ப்பது அப்படியில்லை. கையும் முதுகும் அதிலேயே மாட்டிக்கொள்ளும், பேசவும் முடியாது, செய்யாமல் தள்ளிவைத்தால் வாரம் முழுவதும் மனதில் அரித்துக்கொண்டிருக்கும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் வான்கூவரில் வேலைபார்க்கும் 60 பேருக்கு இரண்டு வார இறுதிகளில் 40 டாலர் கொடுத்தார்கள், ஒரு முறை பொருள் வாங்க, இன்னொரு முறை நேரத்தை மிச்சப்படுத்த. நேரத்துக்குச் செலவழித்த நாளில்தான் அவர்கள் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள், நேர நெருக்கடி குறைந்ததாக உணர்ந்ததே அதற்குக் காரணமாகத் தெரிந்தது. எனக்கு அந்த நெருக்கடி துணி மடிப்பதில் இல்லை, குளியலறையில்தான் இருந்தது.

அதனால் நாங்கள் முழு வீட்டுக்கும் ஆள் வைக்கவில்லை. குறைந்தது மூன்று மணி நேரம் வேலை இருந்தால்தான் வருவேன் என்று சுத்தம் செய்பவர் சொன்னதால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு, குளியலறை, அடுப்பு, ஓவன், ஜன்னல் என்று கனமான வேலைகளை மட்டும் அதில் சேர்த்துவிட்டோம். கூட்டுவது, துடைப்பது, துணி எல்லாம் எங்களுடையது. கேஸ், மின்சார வேலைகளில் இந்தக் கணக்கே கிடையாது, உரிமம் உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும்.

இந்த ஏற்பாடு பிசகுவதை இரண்டு இடங்களில் கண்டுபிடிக்கலாம். ஒன்று, ஆள் வருவதற்கு முந்தின இரவே நாம் பாதி வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருப்போம். அரை மணி என்று போட்ட கணக்கு இரண்டு மணியானால், மிச்சமாவது இரண்டு மணி நேரம், விலை மணிக்கு 90 ஆகிவிடும். இன்னொன்று, வாங்கிய நேரம் எங்கே போனது என்று நினைவே இருக்காது. எங்கள் வீட்டில் அந்த மூன்றரை மணி நேரத்துக்கு முன்கூட்டியே பெயர் வைத்துவிட்டோம். மகளுக்கு நீச்சல் வகுப்பு, எனக்கு மதியத் தூக்கம். அடுத்த ஆண்டு அவள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் கணவரின் ஷிஃப்ட் மாறும், அப்போது 48-ஐயும் 51-ஐயும் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.