பழைய கிராஃபிக்ஸ் கார்டை ஏமாறாமலும் ஏமாற்றாமலும் விற்பது எப்படி?

புது கார்டு வந்த அன்றே பழையதைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து விற்கக் கிளம்புகிறவர்கள் நிறைய பேர். அந்த மூன்று மாதத்தில் விலையும் இறங்கியிருக்கும், கார்டு ஓடுகிறது என்று காட்ட ஒரு படம்கூட கையில் இருக்காது. கார்டு சிஸ்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்பனை வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3060 12ஜிபி கார்டு ஒன்றை விற்கிற வரிசையை இங்கே எழுதுகிறேன். பழைய சந்தையில் அதிகம் கைமாறும் கார்டு அது. மற்ற கார்டுகளுக்கும் முறை ஒன்றுதான்.

முதல் வேலை சோதனை. GPU-Z நிரலைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே நமக்கு வேண்டியதெல்லாம் இருக்கும். 3060-இல் 12ஜிபி, 8ஜிபி என்று இரண்டு வகை உண்டு. 12ஜிபி கார்டில் Bus Width என்ற இடத்தில் 192 Bit என்றும், 8ஜிபி கார்டில் 128 Bit என்றும் காட்டும். வேகத்திலும் விலையிலும் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருப்பதால், விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பதே இந்தப் படத்தைத்தான். போலி கார்டாக இருந்தால் பெயருக்கு முன்னால் [FAKE] என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். Bus Interface வரியையும் பாருங்கள். கார்டு சும்மா இருக்கும்போது வேகம் குறைவாகத்தான் காட்டும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்ட பிறகு x16 என்று வர வேண்டும். உங்கள் போர்டின் ஸ்லாட்டே x16 ஆக இருந்தும் x8 அல்லது x4 என்று நின்றால், பெரும்பாலும் கார்டின் தங்க நிறப் பற்களில் அழுக்கு ஏறியிருக்கும், இல்லையென்றால் கார்டு சரியாக உட்கார்ந்திருக்காது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுப் பற்களைத் துடைத்து, காய்ந்ததும் மறுபடி மாட்டிப் பாருங்கள்.

அடுத்து, ஏதாவது ஒரு கனமான பெஞ்ச்மார்க்கை 20 நிமிடம் ஓடவிட்டு, Sensors பக்கத்தில் GPU Temperature, சிப்பிலேயே அதிகம் சூடேறும் இடத்தைக் காட்டும் Hot Spot இரண்டையும் கவனியுங்கள். இரண்டுக்கும் 10 முதல் 15 டிகிரி இடைவெளி இருப்பது சகஜம். 25-ஐத் தாண்டினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டாம். பேஸ்ட் மாற்றக் கழற்றினால் தெர்மல் பேடையும் மாற்ற வேண்டி வரலாம், அதன் தடிமன் மாடலுக்கு மாடல் மாறும். தடிமன் கூடிய பேடை வைத்துவிட்டால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் முழுதாகப் படியாமல், முன்பைவிடச் சூடேறும். பேஸ்ட் மாற்றிப் பழக்கமில்லாதவர்கள் உள்ளதைச் சொல்லி 500 ரூபாய் குறைத்து விற்பதே மேல். தூசியை ஊதும்போது மட்டும் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் விசிறி தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

சோதனை ஓடும்போதே செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். ஒரே ஷாட்டில் திரையும், கார்டின் சீரியல் எண் ஸ்டிக்கரும், தேதி எழுதிய ஒரு தாளும் வர வேண்டும். விளம்பரத்தில் போடும் படத்தில் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மறைத்துவிடுங்கள். முழு எண் உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

இனி விலை. 2021-இல் தட்டுப்பாட்டுக் காலத்தில் வாங்கியவர்கள் இந்தக் கார்டுக்கு அறிவித்த விலையைவிட மிக அதிகமாகக் கொடுத்தார்கள். அந்தக் கணக்கை மறந்துவிட வேண்டும். வாங்குகிறவர் உங்கள் பில்லைப் பார்ப்பதில்லை, இன்றைக்குக் கடையில் என்ன கிடைக்கும் என்றுதான் பார்க்கிறார். அதனால் கணக்கை அங்கிருந்தே தொடங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற அடுத்த தலைமுறைக் கார்டு வாரண்டியோடு 28,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் விற்கும் அன்றைக்கு உள்ள விலையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 3060 அதைவிட ஏறக்குறைய 17 சதவீதம் மெதுவானது என்று எடுத்துக்கொண்டால், வேகத்துக்கு ஈடான விலை சுமார் 23,200. வாரண்டி முடிந்துவிட்டதற்கும் பயன்படுத்திய கார்டு என்பதற்கும் 30 சதவீதம் கழித்தால் 16,200 வரும். 3060-க்கு 4ஜிபி மெமரி கூடுதல் என்பதால் பிளெண்டர், வீடியோ எடிட்டிங் ஆட்கள் தேடி வருவார்கள். ஆகவே இதற்கு மேல் குறைக்க வேண்டியதில்லை. விளம்பரத்தில் 17,500 போட்டு, 15,500-க்குக் கீழே இறங்குவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொள்ளலாம். வாரண்டி இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்து, பில்லும் இருந்தால், கழிவை 30-லிருந்து 20 சதவீதமாக்குங்கள். ஆனால் அந்த வாரண்டி அடுத்தவர் பெயருக்குச் செல்லுமா என்பதைக் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் சீரியல் எண்ணை மட்டும் பார்க்கும், சில முதலில் வாங்கியவரின் பில்லைத்தான் ஏற்கும்.

இந்தக் கணக்கைச் சந்தையோடு ஒட்டிப் பார்க்கும்போது ஒரு தவறு பரவலாக நடக்கிறது. விளம்பரங்களில் கேட்கிற விலையின் சராசரியை எடுக்கிறார்கள். நாற்பது நாளாக விற்காமல் கிடக்கும் 22,000 ரூபாய் விளம்பரம் விலையே அல்ல, ஆசை. ஒரு வாரம் கவனித்து, எந்த விளம்பரங்கள் இரண்டு மூன்று நாளில் காணாமல் போகின்றன என்று பாருங்கள். அவைதான் உண்மை விலைக்குப் பக்கத்தில் இருப்பவை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் இதைவிடக் கணிசமாகக் குறைத்துத்தான் கேட்பார்கள். கடைக்காரர் சோதித்துப் பார்த்து, கொஞ்ச நாள் பொறுப்பும் ஏற்று, லாபமும் பார்க்க வேண்டும் என்பதால் அதில் அநியாயம் இல்லை. அலைய நேரமில்லாதவர்களுக்கு அதுவும் ஒரு வழி. கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டு என்றால் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், நேரில் வந்தபின் பேரம் சச்சரவில்தான் முடியும்.

எப்போது விற்பது என்பதற்கு 2020 செப்டம்பர் நல்ல பாடம். அந்த மாதம் 1-ஆம் தேதி என்விடியா 30 வரிசையை அறிவித்தது. 499 டாலர் 3070, ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற 2080 டிஐ-யைவிட வேகமானது என்று அறிவிப்பில் சொன்னதும், வெளிநாட்டுப் பழைய சந்தையில் 2080 டிஐ-களைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பிறகு புது கார்டு கடையில் கிடைக்கவில்லை, மைனிங்கும் சேர்ந்துகொண்டது, அதே 2080 டிஐ விலை மறுபடி ஏறியது. இதற்கு நேர்மாறாக, 2022 செப்டம்பர் 15-இல் எதீரியம் மைனிங் நின்றபோது கார்டுகள் குவிந்தன, காத்திருந்தவர்களுக்கு நஷ்டம். அறிவிப்பு வருவதற்கு ஓரிரு மாதம் முன்பே விற்றுவிடுவது நல்லது. அது முடியவில்லை என்றால், அறிவிப்பு வந்த வாரத்தில் விற்காதீர்கள். புது கார்டு கடைகளில் உண்மையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தீபாவளிக்கு முந்தைய ஆன்லைன் தள்ளுபடி நாட்களும் நமக்குச் சரிப்படாது. ஜூன், ஜூலையில் கல்லூரி திறக்கும்போது சிஸ்டம் கட்டுகிறவர்கள் அதிகம்.

ஆள் கிடைத்ததும் முதலில் அவருடைய பவர் சப்ளை என்ன என்று கேளுங்கள். 3060-க்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட். பெயர் தெரியாத 450 வாட் எஸ்எம்பிஎஸ்-ஐ வைத்துக்கொண்டு வாங்கிப்போனால், கேம் ஓடும்போது சிஸ்டம் அணைந்து, மறுநாளே கார்டு பழுது என்று போன் வரும்.

இப்போது பணம். யுபிஐ-இல் பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை, கியூஆர் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. இரண்டும் பணம் கொடுக்கத்தான். 'நான் ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க' என்று பேரமே பேசாமல் வருகிறவரிடம் பேச்சை நீட்ட வேண்டாம். பணம் போட்டுவிட்டேன் என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும், வங்கியிலிருந்து வந்ததுபோல் இருக்கும் எஸ்எம்எஸ்-ஐயும் கணக்கில் எடுக்காதீர்கள். உங்கள் வங்கி ஆப்பில் இருப்புத் தொகை ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். '16,000-க்குப் பதிலா 36,000 போட்டுட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க' என்பதும் போலி எஸ்எம்எஸ்-இன் வேலைதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து, பணம் உண்மையாகவே வந்து சேர்வதில் இருக்கிறது. மோசடிக்காரர் உங்கள் படங்களை எடுத்து அதே கார்டை வேறிடத்தில் 12,000-க்கு விளம்பரம் செய்வார். அங்கே சிக்கியவரிடம் உங்கள் யுபிஐ ஐடியைக் கொடுத்துப் பணம் போடச் சொல்வார். உங்களிடம் '12,000 என் மச்சான் போடுறார், மீதி 4,000 கையில தர்றேன்' என்று சொல்லி, நேரில் வந்து கார்டை வாங்கிப் போய்விடுவார். ஏமாந்தவர் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் புகார் செய்ததும் அந்தப் பணத்தின் தடம் உங்கள் கணக்கில் வந்து நிற்கும். வங்கி அந்தத் தொகையையோ, சில நேரம் கணக்கையே முழுதாகவோ முடக்கிவிடும். மீட்க வாரக்கணக்கில் அலைய வேண்டும்.

அதனால் ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். கார்டை வாங்க வந்து நிற்பவரின் பெயரில் உள்ள கணக்கிலிருந்துதான் பணம் வர வேண்டும். அவர் எதிரிலேயே முதலில் ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் ஆப்பில் தெரியும் பெயரையும் அவருடைய அடையாள அட்டையில் உள்ள பெயரையும் ஒப்பிட்ட பிறகு மீதியை வாங்குங்கள். அண்ணன், நண்பர், முதலாளி யார் போட்டாலும் வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டால், நியாயமாக வாங்குகிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார். புதிதாக யுபிஐ தொடங்கியவருக்கு முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்தான் வரம்பு என்பதால், 'லிமிட் முடிஞ்சிடுச்சு சார்' என்பது உண்மையாகவும் இருக்கலாம். மறுநாள் வரச் சொல்லுங்கள். ரொக்கம் என்றால் பணம் போடும் இயந்திரம் உள்ள வங்கிக்குப் பக்கத்தில் சந்தித்து, அங்கேயே உங்கள் கணக்கில் போட்டுவிடலாம்.

கைமாறும்போது ஒரு தாளில் கார்டின் பெயர், முழு சீரியல் எண், தொகை, தேதி, இருவர் பெயர், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு முடங்கினால் வங்கியிடமும் காவல் நிலையத்திலும் காட்ட இதுதான் ஆதாரம். மூன்று நாள் டெஸ்டிங் வாரண்டி கொடுப்பது நியாயம். திரையில் கோடு விழுந்தாலோ, டிஸ்ப்ளே வராமல் போனாலோ பணம் வாபஸ். கழற்றிப் பார்த்திருந்தாலோ, சீரியல் எண் மாறியிருந்தாலோ கிடையாது. இதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். சீரியல் ஸ்டிக்கரைப் பிரித்து வேறு கார்டில் ஒட்ட முடியும் என்பதால், பின்பக்க ஸ்க்ரூ ஒன்றின் மேல் சின்னதாக ஒரு மார்க்கர் புள்ளி வைத்து, அதையும் உங்கள் வீடியோவில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.