எங்கள் முதல் பேக்கேஜிங் அறிக்கையும் ஒரு ஷாம்பு புட்டியும்

விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு என்னும் விதியின்கீழ் எங்கள் நிறுவனம் முதன்முறையாக ஆண்டறிக்கை தாக்கல் செய்தபோது, அந்தப் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. 1990-இல் ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்க்விஸ்ட் முன்வைத்த கருத்து இது. அடுத்த ஆண்டே ஜெர்மனி இதைப் பேக்கேஜிங் கழிவுக்கான சட்டமாக்கியது. காலி உறையைச் சேகரித்துத் தரம் பிரிப்பதற்கு ஆகும் செலவை, அதுவரை வரிப்பணத்திலிருந்து ஏற்றுவந்த உள்ளாட்சி அமைப்புக்குப் பதிலாகப் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தவரே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

புட்டிகளை நாங்கள் தயாரிப்பதில்லை, வெளியிலிருந்து வாங்குகிறோம். ஆகவே அறிக்கை தர வேண்டியவர் புட்டி வார்ப்பவரே என்று முதல் இரண்டு வாரங்கள் நம்பியிருந்தேன். எங்களுக்குப் பொருந்திய விதியில், எவருடைய வணிகப் பெயரில் பொருள் விற்கப்படுகிறதோ அவரே உற்பத்தியாளர். புட்டியின் வடிவம், நிறம், மேலுறை அனைத்தையும் தீர்மானிப்பவர்கள் நாங்கள்தான் என்பதை எண்ணிப் பார்த்தபோது, அது நியாயமான வரையறை என்றே தோன்றியது.

அறிக்கைக்கு வேண்டியது, ஆண்டில் சந்தைக்கு அனுப்பிய ஒவ்வொரு பொருளின் பேக்கேஜிங் எடை, மூலப்பொருள் வாரியாக. ஷாம்பு புட்டி ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அது ஆண்டுக்கு இருபது லட்சம் விற்றது. சப்ளையர் தந்த விவரத்தாளில், பெட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன அந்தப் புட்டியின் எடை 26 கிராம் என்றிருந்தது. வெவ்வேறு நாட்களில் வந்த சரக்கிலிருந்து முப்பது காலிப் புட்டிகளை எடுத்துத் தராசில் வைத்தபோது, சராசரி 28 கிராம் வந்தது. புட்டி வார்க்கும் அச்சு மாற்றப்பட்ட பிறகு விவரத்தாளைத் திருத்த மறந்திருக்கிறார்கள். இரண்டு கிராம் அற்பமாகத் தெரியலாம். இருபது லட்சத்தால் பெருக்கினால் அது நான்கு டன். தணிக்கையில் முதலில் சிக்குவது இத்தகைய வேறுபாடுதான் என்பதால், தாளை நம்பாமல் எடைபோட்ட குறிப்புகளைத் தேதியுடன் வைத்திருக்குமாறு இந்த வேலையைத் தொடங்கும் எவருக்கும் சொல்வேன்.

முடி﻿வில் வந்த கணக்கு இது: புட்டி 56 டன், நான்கு கிராம் எடையுள்ள பாலிபுரொப்பிலீன் மூடி 8 டன், முழு உயரத்துக்கும் சுற்றியிருந்த பெட்ஜி என்னும் பிளாஸ்டிக்கால் ஆன, சூட்டில் சுருங்கிப் புட்டியைப் பற்றிக்கொள்ளும் மேலுறையான ஸ்லீவ் மேலும் 8 டன். இருபத்துநான்கு புட்டிகளுக்கு ஒன்றாக வரும் அட்டைப்பெட்டியை வாடிக்கையாளர் பார்ப்பதே இல்லை. ஆனாலும் அது 25 டன்.

கட்டணத்தை நிர்ணயிப்பது உற்பத்தியாளர்கள் சேர்ந்து நடத்தும் பொறுப்பு அமைப்பு. சேகரிப்பு, தரம் பிரிப்பு, மறுசுழற்சி ஆகியவற்றின் செலவிலிருந்து, மீட்ட பொருளை விற்றுக் கிடைக்கும் தொகையைக் கழித்து, மிச்சத்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று பங்கிடுகிறார்கள். மீட்ட பொருளுக்கு வாங்குபவர் இருந்தால் கட்டணம் குறையும், இல்லாவிட்டால் ஏறும். அட்டை அதிக எடை கொண்டிருந்தும் எங்களுக்குக் குறைவான சுமையானது இதனால்தான்.

எங்கள் புட்டிக்கோ கூடுதல் கட்டணம் விதிக்கப்பட்டது. காரணம் புரியாமல், தரம் பிரிக்கும் ஆலை ஒன்றுக்கு நேரில் சென்றேன். அங்கே நொறுக்கிய பெட் துண்டுகளைத் தண்ணீரில் இடுகிறார்கள். மூடியின் பாலிபுரொப்பிலீன் மிதந்து தனியே பிரிகிறது. பெட்ஜியோ பெட்டைப் போலவே மூழ்கி அதனுடனேயே தங்கிவிடுகிறது. பின்னர் உலர்த்தும் சூட்டில் இளகித் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. உலர்த்தியில் அடைத்திருந்த அந்தக் கட்டி ஒன்றைப் பணியாளர் என் கையில் கொடுத்தார். எங்கள் வடிவமைப்பு அதுவரை யாருக்கோ விதித்துவந்த செலவை அன்றுதான் நான் தொட்டுப் பார்த்தேன்.

திரும்பியதும், மிதக்கும் பாலியோலிஃபின் பொருளில், புட்டியின் பாதி உயரத்துக்கு மட்டும் வரும் ஒன்றரை கிராம் ஸ்லீவைப் பரிந்துரைத்தேன். விற்பனைப் பிரிவு, புட்டியையே கைவிட்டு ஏழு கிராம் பல்லடுக்குப் பைக்கு மாறலாம் என்றது. எடையை மட்டும் பார்க்கும் கட்டணத்தில் அவர்கள் கணக்கே வெல்லும். இந்த முறையின் மெய்யான பலவீனம் இதுதான் என்று நான் கருதுகிறேன். ஒட்டிக்கொண்ட அடுக்குகளைப் பிரிப்பது கடினம் என்பதால், அத்தகைய பை பெரும்பாலும் எரியுலைக்கோ குப்பைமேட்டுக்கோ போகிறது. எங்கள் அமைப்பின் கட்டணம் மறுசுழற்சித் தன்மையைப் பொறுத்தும் மாறியதால், பைக்குக் கிலோவுக்குரிய விகிதம் பல மடங்காக இருந்தது. இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துக் காட்டிய பிறகு பையின் பேச்சு நின்றது.

மறு ஆண்டு அறிக்கையில் ஸ்லீவ் வரிசையில் 8 டன்னுக்குப் பதில் 3 டன் என்று எழுதினேன். புட்டிக்கான கூடுதல் கட்டணமும் நீங்கியது. அதற்கு முன்பு, புதிய ஸ்லீவிலும் முப்பதை எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்தேன்.