கண் மருத்துவருக்கு ஒரு கடிதம்

இன்று காலை சத்துவாச்சாரி யோகா வகுப்பில் ஒரு அம்மா விரிப்பைச் சுருட்டும்போது பையிலிருந்து சொட்டு மருந்துக் குப்பி உருண்டு வந்தது. பார்வை நரம்பை நலியவைக்கும் கிளாக்கோமாவுக்கானது.

சேரும்போது நிரப்பிய படிவத்தில் “சர்க்கரை” என்று மட்டும்தான் எழுதியிருந்தார்.

“கண்ணுக்கும் யோகாவுக்கும் என்ன சார் சம்பந்தம்?” என்றார்.

சம்பந்தம் இருக்கிறது. தலை இதயத்துக்குக் கீழே போனால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறும். சிரசாசனத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். நிமிர்ந்த சில நிமிடங்களில் இறங்கிவிடும் என்றாலும், ஏற்கெனவே நலிந்த பார்வை நரம்பு அதைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. வலி இருக்காது. அதனால் செய்பவருக்குத் தெரியவே தெரியாது.

மதியம் அவருடைய மருத்துவருக்கு எழுதினேன்.

“ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றளிப்பு வாரியத்தில் நலவாழ்வுப் பயிற்றுநராகத் தேர்ச்சி பெற்றவன். அந்தச் சான்றிதழ் நோய்க்குச் சிகிச்சை தரும் உரிமை அன்று. (சுவரில் சட்டம் போட்டு மாட்டிய பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.)

இவர் இப்போது கை ஊன்றாமல் தரையிலிருந்து எழுகிறார். ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்கிறார். தலை கீழே போகும் சர்வாங்காசனம், பாதஹஸ்தாசனம், அதோமுக சுவானாசனம் மூன்றையும் நிறுத்திவிட்டேன். குனிவதற்குப் பதில் சுவரில் கை ஊன்றி, தலை இடுப்புக்குக் கீழே போகாமல் பாதி வளைவு. மூச்சை அடக்கும் பயிற்சியும் இல்லை.

இந்தப் பாதி வளைவாவது அவருக்குச் சரியா, அதையும் விட்டுவிடவா?”