ஒரே பால், இரண்டு சட்டி: தயிர் ஏன் கெட்டியாகிறது?

வெள்ளவத்தையில் நாங்கள் வாங்குவது பைக்கற் பால்தான். அது பாஸ்ச்சரைஸ் செய்யப்பட்டே வருகிறது. மேல்மாடி அக்கா கேட்டது அதனால்தான்: "தம்பி, அது ஏற்கெனவே காய்ச்சின பால்தானே, பிறகு ஏன் திரும்ப அரை மணித்தியாலம் அடுப்பில வைச்சிருக்கிறீர்?" கிருமியைக் கொல்ல என்றால் அவர் சொல்வது சரி. நான் சூடாக்குவது வேறொன்றுக்காக. அதை அவருக்குக் காட்டவே இந்தச் சோதனையைச் செய்தேன்.

ஒரு லீற்றர் பாலை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியை 43 பாகைக்கு வெதுவெதுப்பாக்கியதோடு சரி. மறு பாதியைச் சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, கொதிநீர் நிறைந்த பெரிய தாச்சிக்குள் இறக்கி, 85 பாகைக்கு மேல் போனதும் 30 நிமிடம் அந்தச் சூட்டிலேயே வைத்தேன். நேரடியாக அடுப்பில் வைத்தால் அடிப்பிடிக்கும், சூடும் ஏறி இறங்கும். இங்கே ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அரை மணித்தியாலம் காயும் பாலில் நீர் ஆவியாகும். அப்படியே உறைய விட்டால், தயிர் கெட்டியானது சூட்டாலா, பால் வற்றியதாலா என்று சொல்ல முடியாது. ஆகவே முதலிலும் முடிவிலும் நிறுத்து, குறைந்த எடைக்குக் கொதித்தாறிய தண்ணீரைச் சேர்த்தேன். ஆடையையும் எடுக்காமல் கலக்கிவிட்டேன்.

பிறகு எல்லாம் ஒன்றுதான். இரண்டுக்கும் 43 பாகையில், ஒரே யோகட் கப்பிலிருந்து ஆளுக்கொரு மேசைக்கரண்டி. இரண்டு சட்டியும் ஒரே ஐஸ் பெட்டிக்குள், வெந்நீர்ப் போத்தலோடு. உறைந்த பின் இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில்.

காலையில் கரண்டி வைத்ததுமே வித்தியாசம் தெரிந்தது. காய்ச்சாத பாலின் தயிர் தளர்வாக, வெட்டிய பள்ளத்தில் உடனே நீர் ஊறியது. காய்ச்சியதில் வெட்டிய விளிம்பு அப்படியே நின்றது.

காரணம் பாலின் புரதங்களில் இருக்கிறது. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். பால் புளிக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டி வலை பின்னுவது அதுதான். மீதி ஐந்தில் ஒரு பங்கு மோர்ப்புரதம். அதில் பெரும்பங்கு பீற்றா-லக்ரோகுளோபுலின். இது இறுகச் சுற்றிய நூல்பந்து போல மடிந்து கிடக்கும். மற்றவற்றோடு பிணையக்கூடிய அதன் கந்தகமுனை உள்ளே மறைந்திருக்கும். பாஸ்ச்சரைஸ் செய்வது வழக்கமாக 72 பாகையில் 15 விநாடி. அந்தச் சிறிது நேரத்தில் பெரும்பாலான பந்துகள் அவிழ்வதில்லை. ஆகவே அந்தப் பால் புளிக்கும்போது கேசின் மட்டும் வலையாகும்; மோர்ப்புரதம் அதன் இடைவெளிகளில் கரைந்தபடியே நின்று, நீரோடு வடிந்துவிடும்.

85 பாகையில் நிறுத்திவைத்தால் பந்து அவிழும். வெளியே வந்த கந்தகமுனை, கேசின் துகள்களின் மேற்பரப்பிலுள்ள கப்பா-கேசினைப் பிடித்துக்கொள்ளும். இனித் துகள்கள் ஒட்டும்போது இந்தப் புரதமும் இடையில் பாலமாக நிற்கும். வலையில் இணைப்புகள் கூடும், கண்கள் சிறுக்கும், நீர் உள்ளேயே தங்கும். உறைதலும் முந்தித் தொடங்கும்: காய்ச்சாத பாலில் பி.எச். 5-க்குக் கீழே இறங்க வேண்டும், காய்ச்சியதில் 5.2 அளவிலேயே திரளத் தொடங்கிவிடும்.

இதைக் கண்ணாலும் பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இரண்டு தயிரையும் தனித்தனியே மெல்லிய துணியில் வடித்து, வந்த மஞ்சட்பச்சை நீரை மீண்டும் கோப்பி வடிகடதாசியில் தெளிய வடித்தேன். இரண்டையும் கொதிக்கவிட்டேன். காய்ச்சாத பாலின் நீர் கலங்கி, வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. வலையில் சேராமல் தப்பி வந்த மோர்ப்புரதம் அது. மற்றதில் கலங்கல் அநேகமாக இல்லை. அதன் புரதம் ஏற்கெனவே தயிருக்குள் சேர்ந்துவிட்டது. இதைப் பார்த்த பிறகுதான் அக்கா தலையாட்டினார்.

ஒரு கொதி வந்ததும் இறக்குபவர்களுக்கும் ஓரளவு பலன் உண்டு. பாத்திரம் பெரிதாகவும் மூடியும் இருந்தால், ஆறும்போது கொஞ்ச நேரம் அந்தச் சூட்டிலேயே நிற்கும். சிறிய பாத்திரத்தில் திறந்து வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். அவசரமென்றால் 95 பாகையில் 5 நிமிடம் போதும், தொழிற்சாலைகளிலும் அப்படிச் செய்வதுண்டு. மோர்ப்புரதம் முழுவதும் அவிழ்ந்த பின் மேலும் காய்ச்சினால் கூடுவது காய்ச்சிய வாசனையும் வற்றலும்தான்.

அடுத்தது பால்மா. தூளாக்குவதற்கு முன் பாலை எவ்வளவு சூடாக்கினார்கள் என்பது மாவுக்கு மா மாறும், பைக்கற்றில் அது இருக்காது. கரைத்த மாவை 43 பாகையோடு நிறுத்தி உறையவிட்டு, வடிந்த நீரைக் கொதிக்க வைத்தால் தெரிந்துவிடும். கலங்கினால் அந்த மாவுக்கும் அரை மணித்தியாலம் வேண்டும்.